வெள்ளம் வராத ஆண்டில் வெள்ளம் தாங்கும் நெல்லை அறிமுகப்படுத்துவது

வயல் விழாவில் புதிய ரகத்தைப் பற்றிப் பேசும் விஞ்ஞானிக்குப் பெரும்பாலும் பயிரே துணை நிற்கும். கதிர் நீளமாக இருந்தால் வரப்பில் நிற்பவர் தாமாகவே கையில் ஏந்திப் பார்ப்பார். வயது குறைந்த ரகம் என்றால் பக்கத்து வயல் பச்சையாக இருக்கையில் இது பழுத்து நிற்பதே போதும். ஆனால் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் நெல் ரகத்தை அறிமுகப்படுத்தும் நாளில் அந்தத் துணை கிடைப்பதில்லை. அந்தப் பருவத்தில் வெள்ளம் வரவில்லை என்றால் பழைய ரகமும் புதிய ரகமும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், ஒரே அளவு தூர் கட்டி அருகருகே நிற்கும். வந்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். இத்தகைய ரகங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பேச்சை எப்படி அமைக்க வேண்டும் என்று நான் கருதுவதை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஸ்வர்ணா-சப்1 ரகத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்வர்ணா ஆந்திரத்தின் மாருட்டேரு ஆராய்ச்சி நிலையம் தந்த நெல். தாழ்வான மானாவாரி நிலங்களில் மிகப் பெரிய பரப்பில் பயிரானது. விளைச்சலில் அதற்குக் குறையில்லை. பத்து நாள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால்தான் அது தாங்காது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எப்.ஆர்.13ஏ என்ற வகை அந்த வெள்ளத்தைத் தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு. அந்தத் தாங்கும் குணத்தின் பெரும்பகுதி ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு சிறு பகுதியில் இருப்பது 1990களில் தெரியவந்தது. அப்பகுதியில் உள்ள சப்1ஏ என்ற மரபணுவே காரணம் என்று 2006இல் உறுதியானது. எப்.ஆர்.13ஏ வழிவந்த ஒரு நெல்லை ஸ்வர்ணாவோடு ஒட்டுச் சேர்த்து, பிறந்த செடிகளை மீண்டும் மீண்டும் ஸ்வர்ணாவோடே சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தச் சிறு பகுதி வந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் பயனாக ஸ்வர்ணா-சப்1 உருவாகி, 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது.

இந்த வரலாறு எனக்குப் பிடித்தமானது. ஆனாலும் பேச்சை இதிலிருந்து தொடங்கக் கூடாது. கூட்டத்தில் சொந்த நிலம் உள்ளவர்கள் இருப்பார்கள், குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் இருப்பார்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் இருப்பார்கள், விதை விற்பவர், நெல் வாங்கும் வியாபாரி, வேளாண்மை அலுவலர், கல்லூரி மாணவர் என்று பலரும் இருப்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் பொதுவாகக் கண்முன் இருப்பது அந்த இரண்டு வயல்கள் மட்டுமே. ஆகவே முதல் வாக்கியம் வயலைப் பற்றியதாக இருக்க வேண்டும்: "இந்த இரண்டு வயலுக்கும் இன்று உங்களால் வித்தியாசம் காண முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். வெள்ளம் வராத ஆண்டில் இது உங்கள் பழைய நெல்லேதான்." இப்படிச் சொல்லிவிட்டால் இல்லாத வேற்றுமையைத் தேடி அலையும் கண்கள் அமைதியாகும். வெள்ளம் வராவிட்டால் நட்டம் வருமோ என்ற அச்சத்துக்கும் அதிலேயே பாதி விடை இருக்கிறது.

அடுத்ததாக, வெள்ளத்தை வயல் விழாவுக்கு அழைத்து வர வேண்டும். அதற்குச் சிமெண்டுத் தொட்டியும் சில தட்டு நாற்றுகளும் போதும். ஆனால் ஏற்பாடு ஏழு வாரம் முன்பே தொடங்க வேண்டும். கணக்கு இதுதான். நாற்றுக்கு 21 நாள் வயதாக வேண்டும். 14 நாள் முழுவதுமாக மூழ்கியிருக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு பிழைத்ததா இல்லையா என்று தெளிவாகத் தெரிய இன்னொரு 14 நாள் வேண்டும். ஆக, விழாவுக்கு 49 நாள் முன்பு இரண்டு ரகத்தையும் ஒரே தட்டில் பாதி பாதியாக விதைக்க வேண்டும், 28 நாள் முன்பு தொட்டியில் இறக்க வேண்டும், 14 நாள் முன்பு வெளியே எடுக்க வேண்டும். இது முதல் தொகுதி. இரண்டாம் தொகுதியை 35 நாள் முன்பு விதைத்து, 14 நாள் முன்பு தொட்டியில் இறக்கிவிட்டு, விழா நாளன்று கூட்டத்தின் முன்னிலையிலேயே வெளியே எடுக்க வேண்டும். இலை நுனிகூட நீர்மட்டத்துக்கு மேல் வராத அளவுக்குத் தண்ணீர் ஆழமாக நிற்க வேண்டும். நுனி காற்றைத் தொட்டுவிட்டால் சோதனை கெட்டுவிடும்.

14 நாள் என்பதும் கல்லில் எழுதிய எண் அன்று. தண்ணீர் குளிர்ச்சியாகவும் தெளிவாகவும் இருந்து வெயிலும் உள்ளே இறங்கினால், தாங்காத ரகமும் இரண்டு வாரத்தைக் கடந்து பிழைத்துவிடலாம். வெதுவெதுப்பான கலங்கல் நீரில் பத்து நாளிலேயே கதை முடிந்துவிடலாம். ஆய்வில் நாங்கள் நாள்காட்டியை மட்டும் நம்புவதில்லை; தாங்காத ரகத்தின் செடிகளில் முக்கால் பங்கு நைந்துவிட்டனவா என்று பார்த்தே தண்ணீரை வடிக்கிறோம். விழாத் தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதால் அந்தச் சுதந்திரம் அங்கே இல்லை. எனவே முதல் தொகுதியில் கூடுதலாகச் சில தட்டுகளை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் முன்னும் பின்னுமாக வெளியே எடுத்துவைப்பது நல்லது. எந்தத் தட்டில் வேற்றுமை தெளிவாகத் தெரிகிறதோ அதைக் காட்டலாம். மற்ற தட்டுகளை மறைக்காமல் பக்கத்திலேயே வைத்து, "இதை இரண்டு நாள் அதிகம் மூழ்க வைத்தோம், இரண்டுமே செத்துவிட்டன" என்றும் காட்டலாம். ரகத்தின் எல்லையை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கப்படமும் காட்டாது.

விழாவன்று இரண்டாம் தொகுதியை வெளியே எடுக்கும்போது நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தண்ணீரிலிருந்து வந்த தட்டில் ஸ்வர்ணா பக்கம் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். இலைகள் நீண்டு, வெளிறிய பச்சையில் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். சப்1 பக்கம் குட்டையாக, வண்டல் படிந்து, தொட்டியில் இறக்கிய நாளில் இருந்த உயரத்தைவிட அதிகம் வளராமல் நிற்கும். "இந்த இரண்டில் எது பிழைக்கும் என்று நினைக்கிறீர்கள், அம்மா?" என்று முன்வரிசையில் இருப்பவரைக் கேட்டால், பலமுறை அந்த நெடிய பக்கத்தையே காட்டுவார்கள். அது இயல்பே, வயலில் உயர்ந்து நிற்கும் நாற்றை நல்ல நாற்று என்று எண்ணுவது நீண்ட பழக்கம். அதன்பிறகு முதல் தொகுதித் தட்டைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதில் நெடிய பக்கம் அழுகிய வைக்கோலாகக் கிடக்கும். குட்டைப் பக்கத்தில் பழைய இலைகள் காய்ந்துபோயிருந்தாலும் நடுவிலிருந்து புதிய இலைகள் எழுந்து நிற்கும். விளக்கத்தை இந்த இடத்தில் தொடங்கினால் ஒருவரும் எழுந்து போவதில்லை.

விளக்கமும் நீளமாக இருக்க வேண்டியதில்லை. செடி மூழ்கியதும் அதற்குள் உண்டாகும் எத்திலீன் என்ற வாயு வெளியே போக வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. ஏனெனில் வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. சாதாரண நெல் அந்த வாயுவை ஓர் அவசரச் செய்தியாக எடுத்துக்கொண்டு, நீர்மட்டத்துக்கு மேலே தலையை நீட்டிவிடலாம் என்று வேகமாக வளர்கிறது. அந்த வளர்ச்சிக்குத் தண்டிலும் இலையுறையிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தும் சர்க்கரையும் செலவாகின்றன. தண்ணீர் வடியும்போது உயரம் இருக்கும், நிமிர்ந்து நிற்கவோ புதிய இலை விடவோ தேவையான சேமிப்பு இருக்காது. சப்1ஏ மரபணு உள்ள செடி அதே செய்தியைக் கேட்டு வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. வருமானம் நின்றுபோன வீடு அடுப்பைச் சிக்கனமாக எரிப்பதைப் போல, இருப்பதை மிச்சம் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. ஆழ்நீர் நெல் வகைகள் தண்ணீரோடு போட்டிபோட்டு வளர்ந்தே பிழைக்கின்றனவே என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். தண்ணீர் மெதுவாக ஏறி மாதக்கணக்கில் நிற்கும் இடத்தில் அந்த வழி சரியானது. திடீரென்று வந்து இரண்டு வாரத்துக்குள் வடியும் வெள்ளத்தில் காத்திருப்பதே பிழைக்கும் வழி.

இந்தக் கடைசி வாக்கியத்திலிருந்தே ரகத்தின் எல்லைகளுக்கு வந்துவிடலாம். விளைச்சல் எண்ணைச் சொல்வதற்கு முன்பே எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எண்ணைக் கேட்டவுடன் மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் வரும் நிபந்தனைகள் காதில் விழுவதில்லை. சொல்ல வேண்டியவை சிலவே. இந்த நெல் நாற்று ஊன்றி வேர்பிடித்த பிறகு, தூர் கட்டும் பருவத்தில் வரும் வெள்ளத்தையே தாங்கும். விதைத்த உடனே, முளை வெளிவருவதற்குள் தண்ணீர் நின்றால் பழைய நெல்லைப் போலவே இதுவும் அழுகும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் பதர்தான் மிஞ்சும். முழங்கால் அளவோ அதற்கு மேலோ தண்ணீர் ஏறி, வடியாமல் மாதக்கணக்கில் தேங்கும் வயலுக்கு இது ஏற்றதன்று. அங்கே சற்று உயர்ந்து வளரும் ரகமே வேண்டும், குட்டையாகக் காத்திருக்கும் குணம் அங்கே பாதகமாகவே முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் முழுவதும் மூழ்கிக் கிடந்தால் எவ்வித உறுதியும் தர முடியாது. இவற்றை ஒளிக்காமல் சொல்லும்போது கூட்டத்தில் சிலருடைய ஆர்வம் குறைவதை முகத்திலேயே காணலாம். அவர்களுடைய வயல் தேங்கும் வயலாக இருந்தால், அந்த ஆர்வம் குறைவதுதான் அவர்களுக்கு நல்லது.

வெள்ளம் வடிந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பேசுவேன், ஏனென்றால் பிழைத்திருக்கும் பயிர் அழிவது பெரும்பாலும் இங்கேதான். தண்ணீர் வடிந்த மறுநாள் வயல் செத்த வயல் போலவே தோன்றும். இலைகள் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும், நாற்றம் வீசும். அன்றே உழுதுவிட்டு வேறு நாற்றுத் தேடி ஓடுபவர்கள் உண்டு. ஒரு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் தெரிந்துகொள்ள விரும்பினால், வயலின் தாழ்ந்த பகுதி, நடுப்பகுதி, மேட்டுப்பகுதி மூன்றிலும் சில குத்துகளைப் பிடித்து அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்க்கலாம். கெட்டியாக, வெளிர் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கி, இழுத்தவுடன் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டால் அந்தக் குத்து பிழைக்காது. அப்படிச் செத்த குத்துகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால், பிழைத்த குத்துகளிலிருந்து தூர்களைப் பிரித்து இடைவெளியை நிரப்பலாம். நட்டுப் பழகிய பெண்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்ல வேண்டியதே இல்லை, தட்டைக் கையில் கொடுத்தால் போதும். அவர்கள் அழுத்திப் பார்த்துச் சொல்வதைத்தான் மற்றவர்களும் நம்புகிறார்கள்.

யூரியாவைப் பற்றி ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிர் வெளுத்துக் கிடப்பதைக் கண்டவுடன் உரம் போடத் தோன்றும். அப்போது போடக் கூடாது. சேமிப்பு தீர்ந்த செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, போட்டதும் வீணாகும். புதிய இலைகள் எழுந்த பிறகு, அதாவது வடிந்து ஐந்து முதல் ஏழு நாள் கழித்துப் போட்டால்தான் தூர் மீண்டும் கட்ட உதவும். அதேபோல, வெள்ளம் எதிர்பார்க்கப்படும் காலத்துக்குச் சற்று முன்பு தழைச்சத்தை அள்ளிப் போட்டுக் கொழுகொழுவென்று வளர்த்த பயிர் வெள்ளத்தில் எளிதில் சாகும். சற்று வயது முதிர்ந்த, திடமான நாற்றை நட்ட வயல் தாக்குப்பிடிக்கும். மரபணு எவ்வளவு வலிமையாக இருந்தாலும், காத்திருக்கச் செடியிடம் கையிருப்பு வேண்டும் என்று ஏற்கெனவே சொன்னதோடு இதைச் சேர்த்துச் சொன்னால் காரணம் புரிந்துவிடுகிறது.

இப்போது விளைச்சல் எண்ணுக்கு வரலாம். ஒடிசாவில் விவசாயிகளின் வயல்களிலேயே நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. வெள்ளம் இல்லாதபோது ஸ்வர்ணா-சப்1 விளைச்சலில் எந்தக் குறைவும் தரவில்லை. 10 நாள் மூழ்கியிருந்த வயல்களில், அங்கே பரவலாகப் பயிரிடப்பட்ட ரகத்தைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் தந்தது. இதை "45 விழுக்காடு கூடுதல் விளைச்சல்" என்று மேடையில் சொல்வது பொய்யன்று, ஆனால் கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் செய்தி பொய்யாகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு வயலிலும் அவ்வளவு கூடும் என்றே அவர் எண்ணுவார். ஆகவே மூட்டைக் கணக்கில் மூன்று ஆண்டுகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: "வெள்ளம் வராத ஆண்டில் பழைய நெல் எத்தனை மூட்டையோ இதுவும் அத்தனை மூட்டைதான். பத்து நாள் மூழ்கிய ஆண்டில், பழைய நெல் பத்து மூட்டை தரும் இடத்தில் இது பதினான்கு, பதினான்கரை மூட்டை தரலாம். மூன்று வாரம் மூழ்கிய ஆண்டில் இரண்டையும் நம்ப வேண்டாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, கடந்த பத்து ஆண்டில் உங்கள் வயல் எத்தனை முறை மூழ்கியது, எத்தனை நாள் மூழ்கியது என்று கேட்டு, அவர்களையே கணக்குப் போட விட வேண்டும். அந்த விடை வயலுக்கு வயல் மாறும். அது விஞ்ஞானியிடம் இல்லை.

கேள்வி நேரத்தில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஒன்று, "இது மரபணு மாற்றிய விதையா, ஐயா?" என்பது. மரபணு என்ற சொல்லைப் பேச்சில் பயன்படுத்திய பிறகு இப்படிக் கேட்பது நியாயமே. நெல்லுக்கும் நெல்லுக்கும் மகரந்தம் சேர்த்து உண்டாக்கியது, வேறு உயிரிலிருந்து எதையும் கொண்டுவந்து புகுத்தவில்லை, ஆய்வகத்தில் நடந்தது எந்தச் செடியில் அந்தக் குணம் வந்திருக்கிறது என்று பார்த்தது மட்டுமே என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று நெல் வாங்குபவரிடமிருந்து வரும். அவர் இரண்டு ரகத்தின் நெல்லையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "நிறம் வேறாக இருக்கிறதே" என்பார். அவர் சொல்வது சரி. ஸ்வர்ணாவின் உமி பொன்னிறம். ஸ்வர்ணா-சப்1இன் உமி வைக்கோல் நிறம். வெள்ளம் தாங்கும் மரபணுவுக்கு மிக அருகிலேயே உமி நிறத்தை மாற்றும் மரபணு ஒன்றும் அமர்ந்திருந்ததால், இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன. உமி நீக்கிய அரிசியில் வேற்றுமை இல்லை என்று வாயால் சொல்வதைவிட, இரண்டையும் அரைத்து இரண்டு தட்டில் வைத்து, எது எது என்று சொல்லாமல் அவரையே பிரித்துப் பார்க்கச் சொல்வது நல்லது. பொன்னிற நெல்லுக்குப் பழகிய சந்தையில் விலை பேசும்போது இந்த நிறம் ஒரு சாக்காகக் கூடும் என்பதையும் விவசாயிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அதே நிறம் விதை சேமிப்பவருக்குப் பெரிய உதவி. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். பக்கத்து வயலால் இந்தக் குணம் கெட்டுப்போகும் அச்சம் மிகக் குறைவு, சில ஆண்டுகள் சொந்த விதையையே பயன்படுத்தலாம். கலப்பு நேர்வது களத்திலும் அறுவடை இயந்திரத்திலும் சாக்கிலும்தான். வயலில் பார்த்துப் பிரிக்க முடியாத இந்த இரண்டு ரகங்களை நெல்மணியில் பார்த்துப் பிரிக்கலாம்: விதைக்கு முன் ஒரு கைப்பிடி நெல்லை வெள்ளைத் துணியில் பரப்பினால், வைக்கோல் நிறத்துக்கு நடுவே பொன்னிற மணிகள் தனியாகத் தெரியும். அங்கொன்று இங்கொன்று என்றால் பொறுக்கி எறியலாம். நிறையத் தெரிந்தால் அந்தச் சாக்கை விதைக்கு வைக்காமல், சான்று பெற்ற விதையைப் புதிதாக வாங்குவதே சரி.

விழா முடிவில் விதைப் பைகள் கொடுப்பது வழக்கம். அவை யாருக்குப் போகின்றன என்பதில் விஞ்ஞானி தலையிட வேண்டும் என்பது என் எண்ணம். மேட்டு நிலத்தில் வயல் வைத்திருப்பவருக்கு இந்த ரகத்தால் கூடுதலாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. மேலே சொன்ன ஒடிசா ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வெள்ளம் அதிகம் நிற்கும் தாழ்ந்த நிலங்கள் பட்டியல் சாதியினரின் கையிலேயே கூடுதலாக இருந்தன, ஆகவே இந்த விதையின் பயனும் அவர்களுக்கே மிகுதியாகச் சேரக்கூடியது. ஆனால் முன்வரிசை நாற்காலிகளில் பெரும்பாலும் அமர்வது வேறு மனிதர்கள். பெயர்ப்பட்டியலைப் பார்த்துப் பை கொடுக்காமல், எந்த வயலில் தண்ணீர் முதலில் ஏறிக் கடைசியில் வடிகிறது, அது எத்தனை நாளில் வடிகிறது என்று கூட்டத்திடமே கேட்டு, இரண்டு வாரத்துக்குள் வடியும் தாழ்ந்த வயல்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை உழுபவர்களை, குத்தகைக்காரராக இருந்தாலும், பெயர் சொல்லி முன்னால் அழைத்து முதல் பைகளைக் கொடுக்க அலுவலரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.